எண்பது வயதில் சர்க்கரையும் பிரஷரும்: வீட்டில் இருப்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

திருவாரூர் பக்கம் ஒரு சிறிய ஊரில் பொதுமருத்துவராக இருக்கிறேன். வயதான அப்பா, அம்மா, மாமனார், மாமியாரை அழைத்து வருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை அவர்கள் கேட்ட விதமாகவே இங்கே எழுதியிருக்கிறேன். மருந்தை மாற்றுவதோ நிறுத்துவதோ உங்கள் மருத்துவரிடம் பேசியபின் செய்ய வேண்டியது. அவரிடம் என்ன கேட்கலாம் என்பதற்கு இது உதவும்.

இத்தனை வருஷமா "குறைங்க, குறைங்க"ன்னு திட்டினீங்க. இப்ப அப்பாவுக்கு 80 ஆனதும் "கொஞ்சம் கூட இருந்தா பரவாயில்ல"ன்னு சொல்றீங்களே, ஏன்?

சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதன் பலன் மெதுவாக வரும். விழித்திரை, சிறுநீரகம், கால் நரம்பு எல்லாம் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுபவை. அதைத் தடுத்த பலனும் எட்டு, பத்து வருடம் கழித்துத்தான் கைக்கு வரும். ஐம்பது வயதுக்காரருக்கு அந்தக் காத்திருப்பு முழு லாபம். எண்பது தாண்டி, இதயமும் தளர்ந்திருப்பவருக்கு லாபம் குறைவு. ஆனால் மாத்திரை அதிகமாகி சர்க்கரை இறங்கிப்போவது இன்று ராத்திரியே நடக்கலாம். கழிவறைக்குப் போகும் வழியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அவர் மறுபடி தானாக நடப்பாரா என்பதே சந்தேகம். பலன் தூரத்திலும் ஆபத்து பக்கத்திலும் இருப்பதால்தான் கணக்கு மாறுகிறது.

இதை உலகம் கற்றுக்கொண்டது ஒரு பெரிய ஆய்வில். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த அக்கார்டு ஆய்வில் 10,251 சர்க்கரை நோயாளிகள் இருந்தார்கள். பாதிப் பேருக்கு மூன்று மாத சர்க்கரை சராசரியை 6-க்குக் கீழே கொண்டுவர மருந்தைக் கூட்டினார்கள். மீதிப் பேரை 7-க்கும் 7.9-க்கும் நடுவில் விட்டுவைத்தார்கள். கடுமையாகக் குறைத்த பக்கத்தில் 257 பேரும் மற்ற பக்கத்தில் 203 பேரும் இறந்ததால், 2008-இல் அந்தக் கடும் சிகிச்சையைப் பாதியில் நிறுத்தினார்கள். இத்தனைக்கும் அவர்களின் சராசரி வயது 62தான்.

அதெல்லாம் சரி டாக்டர், எங்க அம்மாவுக்கு எவ்வளவு இருக்கணும்? நம்பரா சொல்லுங்க.

மூன்று மாத சர்க்கரை, அதாவது எச்பிஏ1சி, வயதை மட்டும் பார்த்து முடிவு செய்வதில்லை. 78 வயதில் தானே கடைக்குப் போய் வருபவர், வேறு பெரிய நோய் இல்லாதவர், மனக்கணக்கு தப்பாதவர் என்றால் 7-லிருந்து 7.5-க்குள் வைக்கலாம். இதய நோய், சிறுநீரகக் கோளாறு, பழைய பக்கவாதம் என்று மூன்று நான்கு சேர்ந்திருந்தாலோ, மாத்திரையைத் தானே எடுத்துப் போட முடியாமல் மறதி வந்திருந்தாலோ 8-க்குள் இருந்தால் போதும். 8 என்றால் நாள் முழுவதற்கும் சராசரி சுமார் 183.

படுக்கையில் இருப்பவர், மறதி நோய் முற்றியவர், டயாலிசிஸில் இருப்பவர் போன்றவர்களுக்கு அந்த எண்ணைத் துரத்துவதையே விட்டுவிடுகிறோம். சர்க்கரை இறங்கி மயங்கக் கூடாது, ஏறித் தாகமும் சிறுநீரும் படுத்தக் கூடாது, அவ்வளவுதான் குறி. உங்கள் அம்மா எந்த வகை என்று எனக்கு அறிக்கையைவிட நன்றாகச் சொல்பவர் நீங்கள்தான். போன தீபாவளிக்குச் செய்த வேலையில் எதை இந்தத் தீபாவளிக்கு அவரால் செய்ய முடியவில்லை என்று சொல்லுங்கள்.

சுகர் இறங்கினா வேர்க்கும், படபடன்னு வரும், கை நடுங்கும். தெரிஞ்சிடுமே, அப்ப சாப்பாடு குடுத்துக்கலாமே?

இளையவர்களுக்குத் தெரிந்துவிடும். முதியவர்களுக்குப் பல நேரம் தெரியாது. வியர்வை, படபடப்பு எல்லாம் உடல் அடிக்கும் எச்சரிக்கை மணி. பல வருட சர்க்கரையில் அந்த மணி பழுதாகிவிடுகிறது. பிரஷருக்கோ இதயத்துக்கோ மெட்டோபுரோலால் போன்ற மாத்திரை போடுபவர்களுக்குப் படபடப்பு இன்னும் அடங்கிவிடும். அதனால் முதலில் தெரிவது மூளையின் தடுமாற்றம்தான். சம்பந்தமில்லாமல் பேசுவது, எரிச்சல், ஓயாத தூக்கம், நடை தள்ளாடுவது என்று வரும்.

ஒரு பாட்டியைச் சொல்கிறேன். 78 வயது, 45 கிலோ. ஒன்பது வருடமாக அதே மாத்திரை: கிளிமெபிரைடு 2 மில்லிகிராமும் மெட்ஃபார்மினும் சேர்ந்தது, காலை ஒன்று, இரவு ஒன்று. மூன்று மாத சர்க்கரை 6.3. வீட்டில் எல்லோருக்கும் பெருமை. பல் வலியால் இரண்டு வாரமாக ராத்திரி அரை டம்ளர் கஞ்சியோடு படுத்துவிடுவார், மாத்திரை மட்டும் தவறாது. ஒரு விடியற்காலை மருமகளைப் பார்த்து "நீ யாரும்மா?" என்று கேட்டிருக்கிறார். நாக்கு குழறியது. பக்கவாதம் என்று பயந்து 108-ஐக் கூப்பிட்டார்கள். விரலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை 38. குளுக்கோஸ் ஏற்றியதும் பேரன் பெயர்களைச் சொன்னார். இரண்டு மணி நேரத்தில் மறுபடி 52-க்கு இறங்கிவிட்டது. இரண்டு நாள் படுக்கையில் வைத்துப் பார்க்க வேண்டியதாயிற்று.

முதியவர் திடீரென்று குழம்பினாலோ கை கால் இழுத்தாலோ உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அது வரும் இடைவெளியில் வீட்டுக் கருவியில் சர்க்கரையைப் பாருங்கள். பக்கவாதமாக இருந்தாலும் நேரம் போகாது, சர்க்கரையாக இருந்தால் அங்கேயே விடை கிடைத்துவிடும்.

அந்தப் பாட்டிக்கு கிரியாட்டினின் 1.2தானே, ரிப்போர்ட்டில தடிமனா கூட போடல. கிட்னி நல்லாத்தானே இருக்கு?

இதை அவர் மகன் கேட்டார். நல்ல கேள்வி. கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு, சிறுநீரகம்தான் அதை வெளியேற்ற வேண்டும். மெலிந்த பாட்டிக்குத் தசையே குறைவு, அதனால் கழிவு உற்பத்தியும் குறைவு. சிறுநீரகம் பாதிக்கு மேல் தளர்ந்த பிறகும் எண் "நார்மல்" என்றே நிற்கும்.

கணக்கு எளிது. 140-லிருந்து வயதைக் கழிக்க வேண்டும்: 62. எடையால் பெருக்கினால் 2790. கிரியாட்டினினை 72-ஆல் பெருக்கி, அதாவது 86.4-ஆல் வகுத்தால் 32. பெண் என்பதால் 0.85-ஆல் பெருக்கினால் 27. நிமிடத்துக்கு 27 மில்லி சுத்திகரிப்பு. இளம் வயதில் இது 100-க்குப் பக்கத்தில் இருந்திருக்கும். ஆய்வக அறிக்கையில் ஈஜிஎஃப்ஆர் என்று அச்சாவது இதைவிடக் கூடுதலாக, 46 போல, வரும். அந்தச் சூத்திரத்தில் எடை கிடையாது. 45 கிலோ உடம்புக்கு மருந்தளவு முடிவு செய்ய நான் இரண்டையும் பார்ப்பேன்.

கிளிமெபிரைடு கல்லீரலில் உடைந்தபின் அதன் வேலை செய்யும் மிச்சம் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். வடிகால் அடைத்துக்கொண்டால் மருந்து உடம்பிலேயே தங்கி, மணிக்கணக்காகச் சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும். இதன் மூத்த உறவான கிளிபென்கிளமைடு இன்னும் மோசம், முதியவர்களுக்குக் கொடுக்கவே கூடாத மருந்துகளின் பட்டியலில் இருக்கிறது. வீட்டு மருந்துப் பெட்டியில் அந்தப் பெயர் இருந்தால் அடுத்த முறை கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

சுகர் இறங்கிட்டா என்ன குடுக்கணும்? சாக்லேட் வச்சிருக்கோம்.

70-க்குக் கீழே இருந்து, விழித்திருந்து, விழுங்க முடிந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் மறுபடி கொடுங்கள். ஏறியபின் இட்லியோ பிஸ்கட்டோ பாலோ கொடுக்க வேண்டும். சாக்லேட்டில் கொழுப்பு இருப்பதால் சர்க்கரை மெதுவாக ஏறும், அவசரத்துக்கு ஆகாது. மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். 108 வரட்டும்.

தேறிவிட்டார் என்று அத்தோடு விட்டுவிடாதீர்கள். கிளிமெபிரைடு வகை மாத்திரையால் வந்த இறக்கம் திரும்பி வரும், முன்னே சொன்ன பாட்டிக்கு வந்ததைப் போல. அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோய் ஒரு நாளாவது கண்காணிப்பில் வைக்க வேண்டும்.

மாத்திரைய குறைச்சா சுகர் எகிறிடாதா? எவ்வளவு வரைக்கும் விடலாம்?

ஏறும், ஓரளவு ஏறட்டும் என்றுதான் குறைக்கிறோம். ஆனால் மேலேயும் ஒரு வேலி உண்டு. ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180-ஐத் தாண்டினால் சிறுநீரில் வழியத் தொடங்கும், சிலருக்கு வயதாக ஆக அந்த வரம்பு இன்னும் கொஞ்சம் மேலே போகும். வழியும் சர்க்கரை தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. ராத்திரி நான்கு முறை எழுவது, நாக்கு வறட்சி, எடை இறங்குவது, சிறுநீர்த் தொற்று என்று வரிசையாக வரும். எழுவது கூடினால் விழுவதும் கூடும். வயதானவர்களுக்குத் தாக உணர்வே மங்கிவிடுவதால் தண்ணீர் கேட்கவும் மாட்டார்கள். காய்ச்சலும் சேர்ந்தால் 400, 500 என்று ஏறி அறிவு மங்கிப்போய் வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அதனால் மேலே சொன்ன, பல நோய் சேர்ந்த இரண்டாவது வகையினருக்கு வெறும் வயிற்றில் 90-லிருந்து 150-க்குள், மிகத் தளர்ந்தவருக்கு 100-லிருந்து 180-க்குள் இருந்தால் எனக்குத் திருப்தி. தொடர்ந்து 250-க்கு மேல் காட்டினால் "வயசாச்சு, விடுங்க" என்று விடக் கூடாது. அந்தப் பாட்டிக்குக் கிளிமெபிரைடை நிறுத்தினேன். பசியைக் குறைக்கிறது, சிறுநீரகமும் தளர்ந்திருக்கிறது என்பதால் மெட்ஃபார்மினையும் நிறுத்தி, சிறுநீரகத்தைப் பொறுத்து அளவு மாற்றத் தேவையில்லாத லினாகிளிப்டின் 5 மில்லிகிராம் ஒன்று மட்டும் கொடுத்தேன். மூன்று மாதத்தில் 7.7. மகனுக்கு முதலில் அந்த எண் பிடிக்கவில்லை. பாட்டி இப்போது ராத்திரி மூன்று இட்லி சாப்பிடுகிறார்.

பிரஷருக்கும் இதே கணக்குதானா? தாத்தாவுக்கு 165 இருக்கு, வயசுக்கு அது சரிதான்னு சொல்றாங்க.

சரியில்லை. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். பிரஷரைக் குறைப்பதன் பலன் சர்க்கரையைப் போல பத்து வருடம் காத்திருக்க வைப்பதில்லை, ஒன்று இரண்டு வருடத்திலேயே வந்துவிடும். 80 வயதைக் கடந்தவர்களை மட்டுமே எடுத்துக்கொண்டு நடந்த ஹைவெட் ஆய்வின் முடிவு 2008-இல் வந்தது. மேல் பிரஷர் 160-க்கு மேல் உள்ளவர்களுக்கு மெல்ல மெல்ல மருந்து கொடுத்து 150/80-க்குக் கொண்டுவரப் பார்த்தார்கள். இரண்டு வருடத்துக்குள்ளேயே இறப்பும் இதயச் செயலிழப்பும் குறைந்தது தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே முடித்தார்கள்.

அதன் பிறகு 2015-இல் வந்த ஸ்பிரிண்ட் ஆய்வில் 120-க்குக் கீழே குறைத்ததும், 75 தாண்டியவர்களுக்குக்கூட, நன்மை தந்தது. அதைப் படித்துவிட்டு "எல்லோருக்கும் 120" என்பவர்களிடம் ஒன்று சொல்வேன்: சர்க்கரை நோயாளிகளையும், முதியோர் இல்லத்தில் இருப்பவர்களையும், நிற்கும்போது 110-க்குக் கீழே இறங்குபவர்களையும் அதில் சேர்க்கவே இல்லை. நடமாட்டமுள்ள முதியவருக்கு 130 ஒட்டி, பல நோய் உள்ளவருக்கு 140-க்குள், மிகத் தளர்ந்தவருக்கு 150 வரை என்பது நான் வைத்துக்கொள்ளும் கணக்கு. தாத்தாவின் 165 இதில் எதிலும் அடங்காது.

மேல 160, கீழ 65. மேல குறைச்சா கீழயும் குறையுமே?

குறையும். வயதாக ஆகப் பெரிய ரத்தக்குழாய் ரப்பர் தன்மை போய்க் குழாய்போல இறுகிவிடுகிறது. அதனால்தான் மேல் எண் ஏறி, கீழ் எண் இறங்கி இடைவெளி அகலமாகிறது. மேல் எண்ணைக் குறைக்கத்தான் வேண்டும், ஆனால் ஒரு மருந்தைச் சிறிய அளவில் தொடங்கி நான்கு வாரம் பொறுத்துப் பார்த்து. கீழ் எண் 60-க்குக் கீழே போய்த் தலைசுற்றலோ நெஞ்சு வலியோ வந்தால் அங்கே நிறுத்திக்கொள்வது நல்லது.

உட்கார்ந்து பார்த்தா பிரஷர் சரியா இருக்கு. எழுந்தா தலை சுத்தி சுவத்தைப் பிடிக்கிறார்.

நிற்க வைத்துப் பார்க்காத பிரஷர் முதியவருக்குப் பாதி பிரஷர்தான். வீட்டிலேயே பார்க்கலாம். ஐந்து நிமிடம் படுக்க வையுங்கள், ஒரு முறை பாருங்கள். எழுந்து நிற்க வைத்து ஒரு நிமிடத்தில் ஒரு முறை, மூன்று நிமிடத்தில் ஒரு முறை பாருங்கள். ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வாருங்கள். மருந்து கொடுக்கும் முன்பும் கூட்டும் முன்பும் இதைப் பார்க்க வேண்டும்.

பல வருடச் சர்க்கரையால் ரத்தக்குழாயைச் சுருக்கும் நரம்பே தளர்ந்திருக்கலாம். ஆனால் முதலில் மருந்துச் சீட்டைப் பாருங்கள். புராஸ்டேட்டுக்கு ஒரு மருத்துவர் டாம்சுலோசின் எழுதியிருப்பார், பிரஷருக்கு இன்னொருவர் பிரசோசின் எழுதியிருப்பார். இரண்டும் ஒரே வேலையைச் செய்து ஆளைக் கீழே தள்ளும். குளோர்தாலிடோன் போன்ற நீர் மாத்திரையில் உப்புச்சத்து, அதாவது சோடியம், இறங்கிக் குழப்பமும் தள்ளாட்டமும் வருவது உண்டு, முக்கியமாக மெலிந்த பாட்டிகளுக்கு. தொடங்கிய இரண்டொரு வாரத்தில் சோடியம் பார்த்தால் தெரிந்துவிடும். மூட்டு வலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக் எதிர்ப்பக்கம் வேலை செய்யும்: பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பிரஷர் மாத்திரையைக் கூட்டும் முன் அதை நிறுத்திப் பார்ப்பது என் வழக்கம்.

நாலு தடவை பேதி ஆச்சு. வழக்கமான மாத்திரையெல்லாம் போடலாமா?

அன்றைக்கே போன் செய்து கேளுங்கள், மறுநாள் வரை பொறுக்க வேண்டாம். நீர் வற்றிய உடம்பில் நீர் மாத்திரை, எனலாப்ரில் டெல்மிசார்டான் வகை, மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின் வகை எல்லாம் சிறுநீரகத்தை நெருக்கும். சாப்பிடும்வரை அவற்றை ஒன்றிரண்டு நாள் நிறுத்திவைக்கச் சொல்வது வழக்கம். சாப்பாடே இறங்காதபோது கிளிமெபிரைடு போட்டால் மேலே சொன்ன பாட்டியின் கதைதான். இன்சுலினை மட்டும் முழுக்க நிறுத்தாதீர்கள், அளவைக் கேட்டுக் குறைக்க வேண்டும். நல்ல நாளிலேயே இந்தப் பட்டியலை மருத்துவரிடம் எழுதி வாங்கி, மாத்திரை டப்பா மூடியில் ஒட்டிவையுங்கள்.

மக்களைத் தேடி மருத்துவத்தில வீட்டுக்கே மாத்திரை குடுக்கறாங்க. அப்புறம் ஆஸ்பத்திரி எதுக்கு?

2021-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தால், பஸ் ஏற முடியாத எத்தனையோ முதியவர்கள் இன்று மாத்திரையை விடாமல் போடுகிறார்கள். ஆனால் மாத்திரை வீடு தேடி வருகிறதே என்று அதே சீட்டை வருடக்கணக்காக ஓட்டக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடை, ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது கிரியாட்டினின், பொட்டாசியம். ஐந்து கிலோ இறங்கியவருக்குப் பழைய அளவு பெரிய அளவு.

அம்மாவுக்கு 6.4 வந்திருக்கு, சூப்பர்தானே? ரத்தம் மட்டும் கம்மின்னாங்க.

எந்த மருந்தில் 6.4 என்பதுதான் கேள்வி. லினாகிளிப்டின் போன்ற, தனியாகப் போட்டால் சர்க்கரையை மயங்கும் அளவுக்கு இறக்காத மருந்திலோ, மருந்தே இல்லாமலோ 6.4 என்றால் நல்லது. கிளிமெபிரைடிலோ இன்சுலினிலோ 80 வயதில் 6.4 என்றால் எனக்குப் பயம். ராத்திரி எங்கோ ஒரு மூலையில் 55-க்கு இறங்கியிருக்கிறது என்று சந்தேகப்படுவேன், விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு முறை குத்திப் பார்க்கச் சொல்வேன்.

ரத்தசோகை இருந்தால் அந்த எண்ணையே நம்ப முடியாது. இந்தச் சோதனை சிவப்பணு வாழும் மூன்று மாதத்தில் ஒட்டிய சர்க்கரையை அளக்கிறது. இரும்புச்சத்துக் குறைவில் எண் பொய்யாகக் கூடும். ரத்தம் ஏற்றியிருந்தாலோ, சிறுநீரக நோய்க்கு ரத்தம் ஊற ஊசி போட்டாலோ பொய்யாகக் குறையும். அப்போது ஒரு வாரம், ஒரு நாள் வெறும் வயிற்றில், மறுநாள் இரவுச் சாப்பாட்டுக்கு முன் என்று மாற்றி மாற்றிக் குத்தி எழுதிய நோட்டுதான் உண்மை சொல்லும்.

அப்பா படுத்த படுக்கை. ஒரு வேளை சாப்பிடறார், ஒரு வேளை துப்பிடறார். காலையும் ராத்திரியும் இன்சுலின் போட பயமா இருக்கு.

உங்கள் பயம் நியாயமானது. கலவை இன்சுலினைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு போட்டுவிட்டால் திரும்ப எடுக்க முடியாது, அதன் பிறகு அவர் வாயை மூடிக்கொண்டால் என்ன செய்வது? இப்படிப்பட்டவர்களுக்கு நான் இரண்டு வேளை கலவையை நிறுத்தி, நாள் முழுக்க மெல்ல வேலை செய்யும் கிளார்ஜினைக் காலையில் ஒரு முறை மட்டும், பழைய மொத்த அளவைவிட நன்றாகக் குறைத்துக் கொடுக்கிறேன். இரவில் போடுவதைவிடக் காலையில் போடுவதால், ஊரே தூங்கும் நேரத்தில் இறக்கம் வருவது குறைகிறது. வெறும் வயிற்றில் வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் 80-க்குக் கீழே காட்டினால் இரண்டு யூனிட் குறைப்போம்.

குத்துவதையும் குறைக்கலாம். நாளுக்கு நான்கு முறை விரலில் குத்தி, 220 என்றால் ஆறு யூனிட், 260 என்றால் எட்டு யூனிட் என்று ஏறுவதைத் துரத்தும் முறை இவர்களுக்கு ஆகாது. பத்தியச் சாப்பாடும் வேண்டாம். பால் பாயசம் இரண்டு வாய் கேட்டால் கொடுங்கள். அவர் கேட்டுச் சாப்பிடும் எதுவும் அந்த நாளின் மருந்தைப் பாதுகாப்பாக்குகிறது. சர்க்கரை 100-க்கும் 200-க்கும் நடுவில் நிற்கட்டும். பழைய பிரஷர் மாத்திரை எத்தனை இன்னும் தேவை என்பதையும் அன்றே கேளுங்கள். எடை இறங்க இறங்கப் பிரஷரும் இறங்கும், 110-இல் இருப்பவருக்கு மூன்று மாத்திரை ஓடிக்கொண்டிருப்பதை வாரம் ஒரு வீட்டிலாவது பார்க்கிறேன்.